பேட்டரி ஸ்பிரேயரில் சார்ஜர் மாறிப்போச்சு: வாங்கியவர்களுக்கு எச்சரிக்கை எழுத உதவி தேவை

மஞ்சள்காடு | செவ்வாய், மாலை 5:10

வணக்கம். ஈரோடு பக்கம் பேட்டரி மருந்துத் தெளிப்பான் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் சர்வீஸ் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். முதுகில் மாட்டும் 16 லிட்டர் டேங்க். முன்பு லெட் ஆசிட் பேட்டரி போட்டுக் கொடுத்தோம். இந்த வருடம் அதே டேங்கில் லித்தியம் பேட்டரி வைத்துப் புது மாடல் விட்டோம்.

பேக்கிங்கில் ஒரு தப்பு நடந்துவிட்டது. பழைய மாடலின் சார்ஜர்கள் புது மாடல் பெட்டிகளில் போய்விட்டன. எங்கள் கணக்குப்படி 340 பெட்டி. பின் ஒரே அளவு என்பதால் செருகினால் உட்காரும். போன வாரம் இரண்டு புகார் வந்தது. ஒருவருக்கு அடிப்பெட்டி சூடாகிப் பிளாஸ்டிக் இளகிவிட்டது. இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் இரவு சார்ஜ் போட்டிருக்கிறார், புகை வந்து சுவர் கருத்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை.

முதலாளி இன்று இரவே எல்லோருக்கும் தகவல் போக வேண்டும் என்கிறார். நான் எழுதியது இது. எங்கே திருத்தலாம் என்று சொல்லுங்கள்.

"மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம். தரத்தில் என்றும் சமரசம் செய்யாத எங்கள் நிறுவனம், ஒரு முன்னெச்சரிக்கை நடவடிக்கையாக இந்த அறிவிப்பை வெளியிடுகிறது. எங்களது சில குறிப்பிட்ட தெளிப்பான்களுடன் பொருந்தாத சார்ஜர் வழங்கப்பட்டிருக்க வாய்ப்புள்ளது. பேட்டரி உப்பியிருந்தாலோ அதிகச் சூடாக இருந்தாலோ பயன்பாட்டைத் தவிர்க்கவும். மேலும் விவரங்களுக்கு அருகிலுள்ள விற்பனையாளரை அணுகவும்."

சாலிடர் | செவ்வாய், மாலை 5:32

தம்பி, வாசகத்துக்குப் போகும் முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும். லித்தியம் என்றால் எந்த வகை செல்? எத்தனை செல் வரிசையாக? தப்பாகப் போன சார்ஜரின் ஸ்டிக்கரில் எத்தனை வோல்ட் என்று இருக்கிறது? கோவையில் பதினைந்து வருடமாக பேட்டரி பேக் கட்டும் வேலை எனக்கு. இது தெரியாமல் எழுதினால் அறிவிப்பே தப்பாகிவிடும்.

தோட்டத்துக்காரன் | செவ்வாய், மாலை 5:40

இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன். 12 வோல்ட் லித்தியத்துக்கு 14.6 வரைக்கும் கொடுக்கலாம். என் வீட்டு சோலார் லைட் பேட்டரி லித்தியம்தான், சார்ஜர் 14.6 என்றே போட்டிருக்கிறது. மூன்று வருடமாக ஓடுகிறது. லெட் ஆசிட் சார்ஜரும் அதே அளவுதானே வரும். வேறு ஏதாவது லூஸ் கனெக்‌ஷன் காரணமாக இருக்கும், அதைப் பாருங்கள்.

மஞ்சள்காடு | செவ்வாய், மாலை 5:58

அக்கா, ஸ்டோரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உருளை செல், 18650. மூன்று வரிசை, மொத்தம் 12 செல். சரியான சார்ஜரில் 12.6 வோல்ட் என்று இருக்கிறது. மாறிப்போனதில் 14.4.

சாலிடர் | செவ்வாய், மாலை 6:25

தோட்டத்துக்காரன் அண்ணா சொல்வது அவர் வீட்டு பேட்டரிக்குச் சரி. அது இரும்பு பாஸ்பேட் வகை, நான்கு செல் வரிசை. ஒவ்வொன்றும் 3.65 வரை ஏறும், நான்கும் சேர்த்து 14.6. இவர்களுடையது வேறு வகை, வரிசையாக மூன்றே செல். ஒரு செல்லுக்கு 4.2 தான் உச்சம், மூன்றுக்கு 12.6. அதில் 14.4 கொடுத்தால் ஒரு செல்லுக்கு 4.8 ஆகிறது. அந்த அளவில் உள்ளே திரவம் சிதைந்து வாயுவாகும், சூடு ஏறும், ஒரு கட்டத்தில் தானாகவே எரியத் தொடங்கும். இரண்டுக்கும் லித்தியம் என்றுதான் பெயர். அதனால்தான் இந்தக் குழப்பம் கடைகளில் தினமும் நடக்கிறது.

ஆனால் தம்பி, என்னை உறுத்துவது வேறு. ஒவ்வொரு பேக்கிலும் பி.எம்.எஸ். போர்டு ஒன்று இருக்கும் அல்லவா? தப்பான சார்ஜர் போட்டாலும் ஏதாவது ஒரு செல் 4.25, 4.3 பக்கம் போனவுடன் அது சார்ஜை வெட்டிவிட வேண்டும். போர்டு ஒழுங்காக இருந்திருந்தால் திண்ணையில் புகை வந்திருக்காது. அப்படியானால் கோளாறு ஒன்றல்ல, இரண்டு. சார்ஜரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு "இனிப் பயமில்லை" என்று எழுதினால், அடுத்த மாதம் இன்னொரு அறிவிப்பு எழுத வேண்டிவரும். ஸ்டாக்கில் இருக்கும் போர்டுகளில் பத்தை எடுத்து இன்றே சோதியுங்கள். செல்லை இணைக்க வேண்டாம், பெஞ்ச் சப்ளையில் மெதுவாக ஏற்றி, எங்கே வெட்டுகிறது என்று மட்டும் பாருங்கள்.

இன்னொன்று. "பேட்டரி உப்பியிருந்தால்" என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள். உப்புவது போனில் இருக்கும் தட்டை செல். உங்களுடையது இரும்புக் கூட்டுக்குள் இருக்கும் உருளை. உள்ளே எவ்வளவு கெட்டுப்போனாலும் வெளியே உப்பாது, கடைசியில் மேல்மூடியின் ஓட்டை வழியாகச் சீறும். உங்கள் வரியைப் படிக்கும் விவசாயி டார்ச் அடித்துப் பார்ப்பார், உப்பவில்லை, சரி என்று அன்று இரவே சார்ஜ் போடுவார். அந்த ஒரு வரியே ஆளை ஆபத்தில் தள்ளிவிடும்.

பழையபட்டி | செவ்வாய், இரவு 7:02

சார், நானும் பேட்டரி ஸ்பிரேயர்தான் வைத்திருக்கிறேன், நீல டேங்க். இரண்டு வாரமாகப் பிரஷர் வரவில்லை, நாலு டேங்க் அடித்தால் நின்றுவிடுகிறது. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டுமா? எங்கே ஊற்றுவது? மூடியையே காணோம்.

உரக்கடை | செவ்வாய், இரவு 7:15

பழையபட்டி அண்ணே, தண்ணீர் ஊற்றாதீர்கள். லெட் ஆசிட் என்றாலும் அது சீல் வைத்தது, திறக்கவே கூடாது. நாலு டேங்கில் நிற்கிறதென்றால் பேட்டரி தேய்ந்திருக்கும், அல்லது நாசில் சல்லடை அடைத்திருக்கும். முதலில் சல்லடையைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், உங்களுடையது பழைய மாடலா புதுசா? தெரியுமா?

பழையபட்டி | செவ்வாய், இரவு 7:21

தெரியவில்லையே தம்பி. மச்சான் வாங்கிக் கொடுத்தது. டப்பா இல்லை.

உரக்கடை | செவ்வாய், இரவு 7:40

மஞ்சள்காடு, இதைக் கவனித்தீர்களா? கோபி பக்கம் எனக்குக் கடை. நீங்கள் எழுதியிருப்பது "சில குறிப்பிட்ட தெளிப்பான்கள்". இவரைப் போல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இரண்டு மாடலும் அதே நீல டேங்க், அதே 16 லிட்டர். டப்பாவைப் பிரித்த அன்றே அடுப்பில் போட்டுவிடுவார்கள். மாடல் நம்பர் ஸ்டிக்கர் இரண்டு முறை மருந்து பட்டால் அழிந்துபோகும். ஆள் எப்படிக் கண்டுபிடிப்பார்?

கடையில் நான் பார்ப்பது ஒரே ஒரு அடையாளம். புது மாடலில் சுவிட்ச் பக்கத்தில் நம்பர் எரியும் சின்ன மீட்டர் இருக்கும், பழையதில் இல்லை. அது போக எடை. பழைய பேட்டரி மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல். லித்தியம் பேக் ஒரு கிலோகூட வராது, காலி டேங்கை ஒரு கையில் தூக்கினாலே தெரியும். ஆனால் எடையை எழுதினால் குழப்பம், மீட்டரை மட்டும் எழுதுங்கள். போட்டோ போட்டு அம்புக்குறி வையுங்கள்.

மஞ்சள்காடு | செவ்வாய், இரவு 8:50

போர்டு சோதித்தோம். பத்தில் ஏழு 4.28 பக்கத்தில் வெட்டியது. மூன்று வெட்டவே இல்லை, 4.5 தாண்டியும் திறந்தே இருந்தது. அக்கா சொன்னதுதான். முதலாளி உட்கார்ந்துவிட்டார்.

இப்போது குழப்பம் என்னவென்றால், சரியான சார்ஜர் போன பெட்டிகளிலும் இதே போர்டுதான் இருக்கும். 340 என்பது இல்லை, புது மாடல் முழுக்க 1,100க்கு மேல். எல்லோருக்கும் சொல்ல வேண்டுமா? 12.6 சார்ஜர் இருப்பவர்களுக்கு ஆபத்து இல்லைதானே?

சாலிடர் | செவ்வாய், இரவு 9:14

சார்ஜரே 12.6-ல் நின்றுவிடும் என்பதால் அவர்களுக்கு ஆபத்து குறைவு. இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று வரிசையில் ஒன்று பலவீனமாக இருந்தால் மொத்தம் 12.6 காட்டும்போதே மற்ற இரண்டு 4.2ஐத் தாண்டியிருக்கலாம். அதைப் பிடிக்கத்தான் போர்டு. அப்புறம், ஊரில் சார்ஜர் ஒருவரிடமே இருப்பதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் இரவல் வாங்கிப் போடுவார்கள், பின் உட்காரும்.

2016-ல் சாம்சங் நோட் 7 கதை நினைவிருக்கிறதா? செப்டம்பர் 2ஆம் தேதி வந்த அறிவிப்பில் மாற்றித் தருகிறோம் என்பதுதான் முன்னால் நின்றது. அணைத்து வையுங்கள், சார்ஜ் போடாதீர்கள் என்று அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சொன்னது 9ஆம் தேதி. ஒரு வாரம் ஜனங்கள் புதுப் போனுக்காகக் காத்துக்கொண்டே பழையதைத் தலைமாட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் மாற்றிக் கொடுத்த போன்களும் எரிந்தன, அக்டோபரில் மாடலையே நிறுத்தினார்கள். முதல் பேட்டரியில் ஒரு கோளாறு, மாற்றாக வந்த இன்னொரு கம்பெனி பேட்டரியில் வேறொரு கோளாறு என்று 2017 ஜனவரியில்தான் முழுதாகச் சொன்னார்கள். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அதுதான் நடந்தது.

அதனால் புது மாடல் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரே சொல்: சார்ஜ் போடாதீர்கள். சார்ஜர் எதுவாக இருந்தாலும் சரி. தப்பான சார்ஜரில் ஏற்கெனவே சார்ஜ் ஆனவர்களுக்குச் சரியான சார்ஜர் கொடுத்தாலும் போதாது. ஒரு முறை அளவு மீறி ஏறிய செல் உள்ளே கெட்டிருக்கும், அடுத்த தடவை 12.6-லேயே சூடாகலாம். பேக்கையே மாற்ற வேண்டும்.

தோட்டத்துக்காரன் | செவ்வாய், இரவு 9:30

அக்கா, செல் வகை பற்றி நான் சொன்னது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். இன்னொரு யோசனை. வீட்டில் வைத்திருக்கும் பேட்டரியை உப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டால் சார்ஜ் இறங்கிப் பயமில்லாமல் ஆகிவிடும் என்று வீடியோவில் பார்த்தேன். அதை எழுதலாமா?

சாலிடர் | செவ்வாய், இரவு 9:41

வேண்டாம் அண்ணா. உப்புத் தண்ணீரில் முனைகள் அரித்துப் போகும், வாயு வரும், செல் முழுதாக இறங்கியதா என்று வெளியிலிருந்து தெரியாது. அரித்த முனையோடு பாதி சார்ஜ் இருக்கும் பேக் கடைக்கு வந்தால் எடுத்து வைக்கிறவருக்கு ஆபத்து. எரிகிற சின்ன பேக்கைக் குளிர்விக்கத் தண்ணீர் உதவும் என்பது உண்மை, மணல் போட்டால் சூடு உள்ளேயே நிற்கும். ஆனால் பொதுமக்களுக்கு எழுதும்போது பக்கத்தில் போ என்று சொல்லவே கூடாது. அந்தப் புகை நெஞ்சை அரிக்கும். விலகுங்கள், 101 அல்லது 112 அழையுங்கள், அவ்வளவுதான்.

சார்ஜில் இருப்பவர்களுக்கு ஒரு வரி தனியாக எழுதுங்கள். முதலில் சுவர் சுவிட்சை அணைக்க வேண்டும், பிறகு பிளக். ஸ்பிரேயர் பக்கத்து பின்னைத் தொட வேண்டாம். பிடுங்கிய பிறகும் சில மணி நேரம் கழித்துச் சூடு ஏறலாம் என்பதையும் சொல்லுங்கள், பிடுங்கியவுடன் உள்ளே கொண்டுபோய்ப் படுக்கைக்குக் கீழே வைத்துவிடுவார்கள்.

உரக்கடை | செவ்வாய், இரவு 9:55

எங்கே வைப்பது என்பதற்கு "பாதுகாப்பான இடம்" என்று எழுதாதீர்கள். விவசாயிக்குப் பாதுகாப்பான இடம் என்றால் பூட்டு போட்ட அறை. அங்கேதான் மருந்து டப்பா, யூரியா மூட்டை, டீசல் கேன் எல்லாம் இருக்கும். வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை, மருந்து அறை மூன்றையும் பெயர் சொல்லித் தடுங்கள். வாசலுக்கு வெளியே, வெறும் தரை, நிழல், வெளியே ஓடிவரும் வழியில் இல்லாமல் என்று சொன்னால் புரியும்.

அப்புறம் டேங்க். கொண்டு வரச் சொன்னால் பாதி மருந்தோடு கொண்டு வருவார்கள். கடையில் எனக்கு அதுதான் பயம். மிச்ச மருந்தைத் தோட்டத்திலேயே அடித்துவிடுங்கள் என்று சொல்லலாமா?

சாலிடர் | செவ்வாய், இரவு 10:02

மோட்டார் ஓடினால் பேட்டரி வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆன் செய்யச் சொல்லவே வேண்டாம். டேங்கைக் கவிழ்த்து வயலிலேயே காலி செய்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு மூன்று தடவை அலசி அதையும் வயலில் ஊற்றட்டும், வாய்க்காலில் வேண்டாம். அடிப்பெட்டியில் தண்ணீர் படாமல். பெட்டி சூடாக இருந்தால் இது எதுவுமே வேண்டாம், தொடாமல் போன் செய்தால் போதும்.

நீதிமன்ற வாசல் | செவ்வாய், இரவு 10:20

வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன், ஒரு எச்சரிக்கை. "எங்கள் தவறு" என்று எழுத்தில் கொடுத்தால் நாளை வழக்கில் அதுவே சாட்சி. "பொருந்தாத சார்ஜர் பயன்படுத்தினால்" என்று பொதுவாக எழுதுவது கம்பெனிக்கு நல்லது.

சாலிடர் | செவ்வாய், இரவு 10:34

சட்டத்தில் உங்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84ஆம் பிரிவில், தயாரிப்புக் கோளாறு மட்டும் இல்லை, தீங்கைத் தடுக்கப் போதுமான எச்சரிக்கை கொடுக்காததும் தயாரிப்பாளரின் பொறுப்பு என்று இருக்கிறதே. "பொருந்தாத சார்ஜர் பயன்படுத்தினால்" என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? பெட்டியோடு வந்த சார்ஜரைத்தான் நான் போடுகிறேன், இது எனக்கில்லை என்று நினைப்பார். ஆபத்தில் இருப்பவரே அந்த ஆள்தான்.

நீதிமன்ற வாசல் | செவ்வாய், இரவு 10:48

அந்த வாதம் சரி. "பெட்டியோடு வந்த சார்ஜரும் தவறானதாக இருக்கலாம்" என்று நடந்ததை மட்டும் சொல்லலாம், யார் பொறுப்பு என்ற பேச்சை அதில் வைக்காமல். இருந்தாலும் உங்கள் கம்பெனி வக்கீலிடம் காட்டாமல் அனுப்பாதீர்கள். இதில் எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை.

குறுஞ்செய்தி | செவ்வாய், இரவு 11:05

மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்பும் வேலையில் இருக்கிறேன், அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன். நீங்கள் நினைப்பது போல இன்று இரவு அனுப்ப முடியாது. டிராய் விதிப்படி அனுப்புபவர் பெயரும் செய்தி வாசகமும் முன்பே பதிவாகியிருக்க வேண்டும். புது வாசகத்துக்கு அனுமதி வரும் வரை காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, தமிழில் ஒரு எஸ்.எம்.எஸ். 70 இடம்தான். கொம்பு, புள்ளி எல்லாம் தனி இடம் பிடிக்கும். "நிறுத்துங்கள்" கண்ணுக்கு 7 எழுத்து, கணக்கில் 13. "மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்" என்று தொடங்கினால் பாதிக்கு மேல் வணக்கத்திலேயே போய்விடும். போன் மேல்பட்டையில் தெரிவதும் முதல் சில சொற்கள்தான். அதில் "சார்ஜ் போடாதீர்கள்" இருக்க வேண்டும்.

இன்று இரவுக்கு ஒரே வழி, நம்பர் இருக்கிறவர்களை ஆளாளுக்குப் பிரித்துப் போன் செய்வது. தோட்டத்துக்காரர்கள் ஒன்பது மணிக்குப் படுத்திருப்பார்கள், ஆனால் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் படுத்திருப்பார்கள். எழுப்பலாம், தப்பில்லை.

மஞ்சள்காடு | புதன், அதிகாலை 1:30

ஆறு பேர் உட்கார்ந்து போன் செய்தோம். உத்தரவாத அட்டை பூர்த்தி செய்து அனுப்பியவர்கள் 160 பேர்தான். 94 பேர் எடுத்தார்கள். அதில் 11 பேர் அப்போதே சார்ஜில் போட்டிருந்தார்கள். ஒரு அம்மா சத்தியமங்கலம் பக்கம், போனைப் பிடித்துக்கொண்டே போய் சுவிட்சை அணைத்தார், "பெட்டி கதகதன்னு இருக்குப்பா" என்றார். தொடாமல் கதவைச் சாத்திவிட்டு வெளியே வரச் சொன்னேன், அரை மணி நேரம் லைனிலேயே இருந்தேன். சூடு இறங்கிவிட்டது. எங்கள் ஆள் காலையில் அங்கே போகிறார்.

இதுதான் இப்போது எழுதியிருப்பது. வக்கீலுக்கும் அனுப்பிவிட்டேன்.

"சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடிக்கலாம்.

சுவிட்ச் பக்கத்தில் நம்பர் எரியும் மீட்டர் உள்ள நீல டேங்க் பேட்டரி ஸ்பிரேயர் உங்களிடம் இருந்தால் இது உங்களுக்குத்தான். மீட்டர் இல்லாத பழைய ஸ்பிரேயருக்கு இந்தக் கோளாறு இல்லை.

பெட்டியோடு வந்த சார்ஜரும் தவறானதாக இருக்கலாம். பேட்டரி பார்க்க நன்றாக இருந்தாலும், இதுவரை நன்றாக ஓடியிருந்தாலும், எந்தச் சார்ஜரிலும் போடாதீர்கள். மருந்தடிக்கவும் வேண்டாம். இரவல் கொடுத்திருந்தால் வாங்கியவரிடம் இன்றே சொல்லுங்கள்.

இப்போது சார்ஜில் இருந்தால் முதலில் சுவர் சுவிட்சை அணையுங்கள், பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். பெட்டி சூடாக இல்லையென்றால் ஸ்பிரேயரை வீட்டுக்கு வெளியே, வெறும் தரையில், நிழலில் வையுங்கள். மருந்து அறை, மாட்டுக் கொட்டகை, வைக்கோல் பக்கம் வேண்டாம். பிடுங்கிய பிறகும் சில மணி நேரம் கழித்துச் சூடாகலாம்.

சூடு, புகை, சீறல், ரசாயன வாடை இருந்தால் தொடாதீர்கள். எல்லோரும் வெளியே வந்து 101 அல்லது 112 அழையுங்கள்.

பேட்டரியைக் கழற்ற வேண்டாம், குப்பையில் போட வேண்டாம், பஸ்ஸிலோ கூரியரிலோ அனுப்ப வேண்டாம். நாங்களே வந்து எடுத்துக்கொண்டு புது பேட்டரியும் சார்ஜரும் இலவசமாகத் தருவோம். பில் தேவையில்லை.

அழைக்க வேண்டிய எண் கீழே. காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை ஆள் எடுப்பார். மிஸ்டு கால் கொடுத்தாலும் நாங்கள் கூப்பிடுவோம். வாட்ஸ்அப்பில் மீட்டரையும் சார்ஜர் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து அனுப்பலாம்."

சாலிடர் | புதன், காலை 6:05

நல்லா வந்திருக்கிறது தம்பி. ஒரே ஒரு இடம். "புது பேட்டரி தருவோம்" என்கிறீர்கள், போர்டு புதுசாக எப்போது வரும்? அந்த மூன்று போர்டு ஏன் வெட்டவில்லை என்று தெரியாமல் அதே லாட்டிலிருந்து பேக் கட்டிக் கொடுக்கக் கூடாது. தேதி தெரியாவிட்டால், சோதித்து முடித்ததும் கூப்பிடுவோம், அதுவரை பணம் வேண்டுமானால் திருப்பித் தருவோம் என்று எழுதுங்கள். இப்போது மஞ்சளுக்கு மருந்தடிக்கும் காலம், கையில் ஸ்பிரேயர் இல்லாவிட்டால் ஆள் சார்ஜ் போட்டே தீருவார். இரவல் கொடுக்கப் பழைய மாடல் எத்தனை ஸ்டாக் இருக்கிறது?

மஞ்சள்காடு | புதன், காலை 6:40

பழைய மாடல் 70 இருக்கிறது. அதைச் சுற்றில் விடலாம் என்று முதலாளியும் சொன்னார். பணம் திருப்பித் தருவது பற்றி இன்னும் முடிவு சொல்லவில்லை. 1,100 பேரும் கேட்டால் கம்பெனி தாங்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

நீதிமன்ற வாசல் | புதன், காலை 7:10

மாற்றியும் தராமல் பணமும் தராமல் இழுத்தால் ஜனங்கள் 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போவார்கள். அதற்கு முன் நீங்களே முடிவெடுப்பது நல்லது.

பழையபட்டி | புதன், காலை 7:25

தம்பி, காலையில் எடுத்துப் பார்த்தேன். சுவிட்ச் பக்கத்தில் நம்பர் எரிகிறது. சார்ஜரில் 14.4 என்று போட்டிருக்கிறது. நேற்று இரவுகூடச் சார்ஜ் போட்டேன். இப்போது சூடு இல்லை. வெளியே களத்தில் வைத்திருக்கிறேன். நாலு டேங்கில் நின்றது இதனால்தானா?

சாலிடர் | புதன், காலை 7:31

அப்படித்தான் இருக்கும் அண்ணே. செல் கெட ஆரம்பித்தால் கொள்ளளவு குறையும். இனி ஆன் செய்யவே வேண்டாம். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

மஞ்சள்காடு | புதன், காலை 7:33

அண்ணே, உங்கள் ஊரும் நம்பரும் தனிச்செய்தியில் அனுப்புங்கள். இன்று மதியத்துக்குள் ஆள் வருவார், பழைய மாடல் ஒன்று கையோடு கொண்டு வருவார்.

உரக்கடை | புதன், காலை 8:15

என் கடன் நோட்டைப் புரட்டினேன். புது மாடல் எடுத்தவர்கள் 23 பேர், 19 பேருக்கு நம்பர் இருக்கிறது, எல்லோரிடமும் பேசிவிட்டேன். மற்ற நாலு பேரில் இரண்டு பேர் ஊர் மட்டும் தெரியும். பில்லில் நம்பர் எழுதாதது எங்கள் பக்கத்துக் குறை. போஸ்டர் 30 அனுப்புங்கள், மீட்டர் போட்டோ பெரிதாக. கடை ஷட்டரிலும் பால் சொசைட்டியிலும் ஒட்டுகிறேன். வாங்கியவர் ஒருவர், முதுகில் மாட்டுகிறவர் இன்னொருவர், கூலிக்கு அடிப்பவர்கள் காலையில் டீக்கடையில்தான் கிடைப்பார்கள். அங்கேயும் இரண்டு ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.